டாலர் திரும்பிப்போன நூறு நாட்கள்

2013 ஜூலை 15, திங்கட்கிழமை. சந்தைகள் மூடி, வங்கி அலுவலகங்களின் விளக்குகள் அணைந்த பிறகு ரிசர்வ் வங்கியிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் ஒரு நாள் கடன் வாங்கும் எம்.எஸ்.எஃப். என்ற வாசலில் வட்டி 8.25 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 10.25 ஆகிறது. வழக்கமான வாசலான ரெப்போவில் வட்டி அதே 7.25தான். ஆனால் எல்லா வங்கிகளும் சேர்ந்து அந்த வாசலில் 75,000 கோடி ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது.

மறுநாள் பத்திரிகைகளில் இதை என்னவென்று சொல்வது என்பதிலேயே குழப்பம். ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்திவிட்டதா, இல்லையா? வீட்டுக் கடனுக்கும் தொழிற்கடனுக்கும் அடிப்படையான ரெப்போ வட்டி அசையவில்லை. ஆனால் அந்த விலையில் கிடைக்கும் பணத்துக்கு அளவு வைத்தாகிவிட்டது. அளவைத் தாண்டினால் 10.25 கொடுத்தாக வேண்டும். பலகையில் எழுதிய விலை மாறாமல், கடையில் கிடைக்கும் விலை மட்டும் மாறியது.

இவ்வளவு சுற்றிவளைத்த ஒரு வேலையை ஒரு மத்திய வங்கி ஏன் செய்ய வேண்டும்? பதிலுக்கு எட்டு வாரம் பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தார். 2008 நெருக்கடிக்குப் பிந்தைய மருந்தாக அவருடைய வங்கி அப்போது மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டிருந்தது. பொருளாதாரம் தேறினால் அடுத்த சில கூட்டங்களில் அந்த அளவைக் குறைக்கத் தொடங்கலாம் என்றார். அன்று எதையும் குறைத்துவிடவில்லை; குறைக்கலாம் என்று சொன்னதோடு சரி.

அமெரிக்காவில் வட்டி ஏதும் கிடைக்காததால் இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி என்று போய் அமர்ந்திருந்த பணத்துக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. நியூயார்க்கில் பத்திர வட்டி ஏறத் தொடங்கியதும் அது கிளம்பியது. இந்தியாவில் பங்குகளில் இருந்த பணம் ஓரளவு தங்கியது. கடன் பத்திரங்களில் இருந்ததுதான் வேகமாக வெளியேறியது. சில மாதங்களில் 1,000 கோடி டாலருக்கு மேல் போயிற்று. மே மாதம் 55, 56 ரூபாயாக இருந்த டாலர், ஜூலை இரண்டாம் வாரத்தில் 61ஐத் தொட்டது.

பொருளியலில் இதற்குத் ‘திடீர் நிறுத்தம்’ என்று பெயர். அர்ஜென்டினாவைச் சேர்ந்த பொருளியலாளர் கியெர்மோ கால்வோ 1990களின் இறுதியில் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தார். அவர் காட்டியது இதுதான்: ஒரு நாட்டைத் தள்ளாட வைக்கப் பணம் வெளியே ஓட வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே வந்துகொண்டிருப்பது நின்றாலே போதும். மாதாமாதம் வெளிப்பணத்தை நம்பி இறக்குமதி செய்யும் நாட்டில் வரத்து நின்ற அன்றே டாலருக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

இந்தியா அப்படிப்பட்ட நாடாகத்தான் அப்போது இருந்தது. 2012-13 நிதியாண்டில் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டியதற்கும் அங்கிருந்து ஈட்டியதற்கும் இடையிலான பள்ளம், சுமார் 8,800 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம். மாதத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டால்தான் கணக்கு நேராகும். பள்ளத்தைத் தோண்டியதில் பெட்ரோலியத்துக்கு அடுத்த பங்கு தங்கத்துக்கு. அந்த ஆண்டு மட்டும் ஏறத்தாழ 5,400 கோடி டாலருக்குத் தங்கம் வந்திறங்கியது. நிதியமைச்சர் ப. சிதம்பரம் தங்கம் வாங்க வேண்டாம் என்று மக்களிடம் கேட்டுப் பார்த்தார். கேட்டவர்கள் அதிகமில்லை என்பதால் இறக்குமதி வரியை ஜூனில் 8 சதவீதமாகவும் ஆகஸ்டில் 10 சதவீதமாகவும் ஏற்றினார்.

தங்க வரி பலன் தர மாதங்கள் ஆகும். சந்தையோ மணிக்கணக்கில் நகர்கிறது. இடைப்பட்ட காலத்தைச் சமாளிக்க மத்திய வங்கியின் கையில் இருப்பவை இரண்டே கருவிகள்: கையிருப்பு டாலரை விற்பது, இல்லையென்றால் ரூபாயின் வட்டியை ஏற்றுவது.

முதல் கருவி எளிதானதாகத் தோன்றும். 2013 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியிடம் 29,200 கோடி டாலர் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து விற்றால் என்ன? சந்தையில் உள்ளவர்கள் அந்தத் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு தொகையையும் வைத்துப் பார்ப்பார்கள்: அடுத்த ஓராண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டிய வெளிக்கடன். அது அப்போது சுமார் 17,000 கோடி டாலர். அதோடு ஆண்டுப் பற்றாக்குறையான 8,800 கோடியைக் கூட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு டாலர்கூட வராமல், பழைய கடன் எதுவும் புதுப்பிக்கப்படாமல் ஓராண்டு ஓடினால் கையிருப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். அப்படி முழுதாக நிற்பது அரிது. ஆனாலும், ‘எவ்வளவு இருக்கிறது’ என்பதைவிட ‘எவ்வளவு வேகமாகக் குறைகிறது’ என்பதைச் சந்தை ஏன் கூர்ந்து பார்க்கிறது என்பது இந்தக் கணக்கில் விளங்கும். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை வெளியாகும் கையிருப்புத் தொகை ஒவ்வொரு முறையும் சரிந்தால், மிச்சமிருப்பவர்களும் கதவை நோக்கி நடப்பார்கள்.

இந்தக் கருவிக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. அது வெளியில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாலர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி 100 கோடி டாலர் விற்றால், வாங்கியவர்களிடமிருந்து 6,000 கோடி ரூபாய் அதனிடம் வந்து சேரும். அந்த ரூபாய் வங்கிகளின் புழக்கத்திலிருந்து மறைகிறது. புழக்கம் வற்றினால் வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் கடனின் வட்டி தானாக ஏறும். அதாவது டாலர் விற்பதே மறைமுகமாக வட்டியை ஏற்றுவதுதான். அது வேண்டாம் என்று நினைத்தால் மத்திய வங்கி அரசுப் பத்திரங்களை வாங்கி அந்த 6,000 கோடியைத் திரும்பப் புழக்கத்தில் விடலாம். விட்டால் நடப்பது என்ன? நேற்று ரூபாய் கொடுத்து டாலர் வாங்கியவர் கையில் மறுபடி ரூபாய் புரள்கிறது; நாளை மறுபடி டாலர் கேட்டு வருகிறார். டாலர் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்க, ரூபாயை இறுகவும் விடாமல் நடத்தும் சண்டையில் மத்திய வங்கி வெல்வது கடினம். இரண்டு கருவிகளும் தனித்தனி என்று பாடப்புத்தகம் சொன்னாலும் நடைமுறையில் அவை இப்படி ஒன்றோடொன்று பிணைந்தே கிடக்கின்றன.

கையிருப்பைச் செலவிடுவது எப்போது நியாயம்? வந்த அடி தற்காலிகமானதாக இருந்தால். சில மாதங்களில் வரத்து திரும்பும் என்றால், அதுவரை டாலரைக் கொடுத்து விலையைத் தாங்கிப் பிடிப்பதில் தவறில்லை. அடி நிலையானதாக இருந்தால், கையிருப்பு கரைந்த பிறகும் அதே பள்ளம் அங்கேயே இருக்கும். தொல்லை என்னவென்றால், அடி விழும் நேரத்தில் அது எந்த வகை என்று நெற்றியில் எழுதியிருக்காது.

தவறான பக்கம் பந்தயம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைவிட அருகிலான உதாரணம் இல்லை. 2019 இறுதியில் அங்கே கையிருப்பு 760 கோடி டாலர். அந்த டிசம்பரில் வரிகள் பெரிதாகக் குறைக்கப்பட்டன. 2020இல் பெருந்தொற்று சுற்றுலா வருமானத்தை நிறுத்தியது. தர மதிப்பீடுகள் இறங்க, வெளிநாட்டுப் பத்திரச் சந்தையில் புதிதாகக் கடன் கிடைப்பது அடியோடு நின்றுபோனது. இலங்கைக்கு நேர்ந்த திடீர் நிறுத்தம் அதுதான். ஆனால் அது கடந்து போகும் மேகம் என்று கருதியதுபோல, டாலரை 200 ரூபாயை ஒட்டி மாதக்கணக்கில் பிடித்துவைத்தார்கள். முதிர்ந்த பத்திரங்களுக்குக் கையிருப்பிலிருந்தே பணம் கட்டினார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் தட்டுப்பட்ட 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் பத்திரக் கடன் ஒன்று முழுதாக அடைக்கப்பட்டது. மார்ச்சில் நாணயத்தை விட வேண்டியதாயிற்று. ஏப்ரலில் பதவியேற்ற புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க, மறுநாளே வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினார். கடன் வாங்குவோருக்கான கொள்கை வட்டி 7.5இலிருந்து 14.5 ஆனது. நான்கு நாளில், ஏப்ரல் 12 அன்று, வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. கைவசம் செலவிடக்கூடிய டாலர் அப்போது கிட்டத்தட்ட இல்லை. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். வட்டி கடைசியில் ஏறத்தான் செய்தது. கையிருப்பு தீர்ந்த பிறகு ஏறியதால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இரண்டு வலியும் சேர்ந்து வந்தன.

இரண்டாவது கருவிக்கு வருவோம். வட்டியை ஏற்றினால் வெளிநாட்டுப் பணம் மயங்கித் திரும்பி வரும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு வலுவாக இல்லை. ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதல் வட்டி என்றால் மாதத்துக்கு ஆறில் ஒரு சதவீதம்தான். ரூபாய் ஒரே மாதத்தில் 5 சதவீதம் விழும் என்று அஞ்சுகிறவருக்கு அது கண்ணில்கூடப் படாது. அப்படியானால் ஜூலை 15 நடவடிக்கையின் குறி யார்? வெளிநாட்டுக்காரர்களைவிட, உள்ளூரில் ரூபாயைக் கடன் வாங்கி டாலரில் நிற்கிறவர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 100 கோடி ரூபாய் கடன் வாங்கி டாலர் வாங்குகிறார். ஒரு மாதம் கழித்து விற்று அடைப்பது திட்டம். 7.25 சதவீத வட்டியில் மாதச் செலவு சுமார் 60 லட்சம். 10.25 என்றால் 85 லட்சம். டாலர் 60இலிருந்து 61 ஆனால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம். ஏறும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை என்றால் இரண்டு வட்டியிலும் லாபம்தான்; ரிசர்வ் வங்கியால் அவரைத் தடுக்க முடியாது. ஆனால் ஏறுவதற்கும் ஏறாமல் அப்படியே நிற்பதற்கும் பாதிப் பாதி வாய்ப்பு என்று அவர் கருதினால், எதிர்பார்க்கும் லாபம் 83 லட்சமாகக் குறைகிறது. பழைய வட்டியில் அது லாபம். புதிய வட்டியில் நஷ்டம். வட்டி உயர்வு பிடிப்பது ஐயம் உள்ளவர்களைத்தான். உறுதியாக நம்புகிறவர்களிடம் அது பலிக்காது.

இதில் ஊக வணிகர்கள் மட்டும் சிக்குவதில்லை. பனியனை ஏற்றுமதி செய்துவிட்டு வரவேண்டிய டாலரை ‘இன்னும் பத்து நாள் போகட்டும், விலை ஏறட்டும்’ என்று வெளியிலேயே விட்டுவைக்கும் ஒரு திருப்பூர் முதலாளியும் இதே கணக்கைத்தான் போடுகிறார். அந்தப் பத்து நாளுக்கு நூல் வாங்கவும் சம்பளம் கொடுக்கவும் அவர் ரூபாய்க் கடனில் ஓட வேண்டும். கடன் விலை ஏறினால் டாலரைச் சீக்கிரம் கொண்டுவந்து மாற்றுவார். மறுபுறம் இறக்குமதியாளர்கள், டாலர் ஏறுவதற்குள் வாங்கிவிடலாம் என்று மூன்று மாதத் தேவையை இன்றே வாங்கத் துடிப்பார்கள். கடன் விலை அவர்களையும் நிதானப்படுத்தும். ஒருவர் பின்தள்ளுவதும் இன்னொருவர் முன்தள்ளுவதும் சேர்ந்தால், வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர்கூட வெளியேறாமலேயே நாட்டில் டாலர் பஞ்சம் வந்துவிடும்.

வட்டிக் கணக்கின் எல்லையைச் சுவீடன் ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 1992 செப்டம்பரில் தன் நாணயத்தின் மீதான தாக்குதலை முறியடிக்க அதன் மத்திய வங்கி ஒரு நாள் கடனுக்கான வட்டியை ஆண்டுக்கு 500 சதவீதம் என்று அறிவித்தது. அச்சுப்பிழை இல்லை, ஐந்நூறுதான். கேட்க மிரட்டலாக இருந்தாலும் ஒரு நாளைக்கு அது 1.4 சதவீதம், நாளை காலை நாணயம் 10 சதவீதம் விழும் என்று நம்புகிறவருக்கு மலிவு. நவம்பரில் சுவீடன் கைவிட்டது.

ஏன் ரெப்போவைத் தொடவில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. 2013இல் இந்தியாவின் வளர்ச்சி 5 சதவீதத்தை ஒட்டிச் சரிந்திருந்தது. தொழிற்சாலைக்குக் கடன் வாங்குகிறவரையும் வீடு கட்டுகிறவரையும் தண்டிக்காமல் ஒரு நாள், ஒரு வாரக் கடன் வாங்கி டாலர் சூதாடுகிறவரை மட்டும் தண்டிக்க முடியுமா என்று ஆளுநர் துவ்வூரி சுப்பாராவ் பார்த்தார். அதனால்தான் குறுகிய காலப் பணம் மட்டும் விலை ஏறும்படியான அந்தச் சுற்றுவழி.

நடந்ததோ வேறு. பணச் சந்தையில் வட்டிகளுக்கு இடையே மதில் கிடையாது. 7.5 சதவீதத்தை ஒட்டி இருந்த 91 நாள் கருவூல உண்டியலின் வட்டி, நடவடிக்கை வந்த சில நாட்களில் 11ஐத் தாண்டியது. மூன்று மாதக் கடனுக்குப் பத்தாண்டுக் கடனைவிட அதிக வட்டி என்ற தலைகீழ் நிலை. நிறுவனங்கள் பரஸ்பர நிதிகளிலிருந்து பணத்தை எடுக்க ஓடின. இரண்டே நாளில் அந்த நிதிகளுக்காக 25,000 கோடி ரூபாய்ச் சிறப்புக் கடன் வசதியை ரிசர்வ் வங்கியே திறக்க வேண்டியதாயிற்று. ஒரு கையால் புழக்கத்தை இறுக்கி, மறு கையால் தளர்த்தும் வேலை. ஜூலை 23 அன்று இறுக்கம் இன்னும் கூடியது. ஒவ்வொரு வங்கியும் தன் வைப்புத் தொகையில் அரை சதவீதம் வரைதான் ரெப்போவில் கடன் வாங்கலாம். சட்டப்படி வைக்க வேண்டிய ரொக்க இருப்பில் 99 சதவீதத்தைத் தினமும் வைத்தே ஆக வேண்டும்.

ரூபாய் இரண்டு வாரம் அடங்கியது, 59க்குக்கூட வந்தது. ஜூலை 30 அன்று நடந்த வழக்கமான கொள்கை ஆய்வில் சுப்பாராவ், சந்தை நிலைபெற்றதும் இந்த நடவடிக்கைகள் படிப்படியாக விலக்கப்படும் என்றார். உண்மைதான், நேர்மையானதும்கூட. ஆனால் டாலரில் நிற்கிறவர் காதில் அது வேறு விதமாக விழுந்தது: சில வாரம் பொறுத்தால் போதும், வட்டி இறங்கிவிடும். அன்றே ரூபாய் விழுந்தது. வட்டி எவ்வளவு உயரம் என்பதைவிட அது எவ்வளவு நாள் அங்கே நிற்கும் என்பதுதான் இந்தக் கருவியின் பலம். வளர்ச்சி சரியும் நாட்டில், தேர்தல் அடுத்த ஆண்டு இருக்கும் நாட்டில், நெடுநாள் நிற்கும் என்று யாரும் நம்பவில்லை.

அடுத்து நடந்ததுதான் அந்தக் கோடையின் பெரிய சறுக்கல். ஆகஸ்ட் 14 மாலை, இந்தியர்கள் வெளிநாட்டுக்கு ஆண்டொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகை 2 லட்சம் டாலரிலிருந்து 75,000 ஆகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான வரம்பும் சுருங்கியது. இவை இந்தியர்கள் மீதான கட்டுப்பாடுகள்; வெளிநாட்டு முதலீட்டாளர் பணத்தை எடுப்பதற்குத் தடையே இல்லை. ஆனால் இன்று குடிமகனுக்குக் கதவைச் சாத்துகிறவர் நாளை விருந்தாளிக்கும் சாத்த மாட்டாரா என்று அவர்கள் எண்ணினார்கள். சுதந்திர தின விடுமுறை முடிந்து 16ஆம் தேதி சந்தை திறந்தபோது சென்செக்ஸ் 769 புள்ளிகள் சரிந்தது. டாலர் 62ஐத் தொட்டது. நான்கு நாள் கழித்து, ஏறிக்கொண்டே போன பத்திர வட்டியைக் குறைக்க 8,000 கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரம் வாங்குவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. வங்கிகள் கையில் இருந்த பத்திரங்களின் மதிப்பு வீழ்ந்து நஷ்டம் குவிந்துகொண்டிருந்ததால் அதற்கு அவசியம் இருந்தது. ஆனால் இறுக்குகிறார்களா, தளர்த்துகிறார்களா என்பது யாருக்கும் புரியாமல் போயிற்று. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசு. அதுவரை காணாத விலை.

அன்றிரவு வந்த முடிவு, எளிமையிலும் பலனிலும் முந்தைய எல்லாவற்றையும் மிஞ்சியது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களும் கச்சா எண்ணெய்க்காகத் தினமும் 40 கோடி டாலருக்கு மேல் சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தன. விலை என்னவானாலும் வாங்கியே தீர வேண்டிய அவர்கள் வரிசையில் நிற்பதே சந்தையைச் சூடேற்றியது. இனி அந்த டாலரைத் தானே நேரடியாகத் தருவதாகவும், குறிப்பிட்ட காலம் கழித்து அவர்கள் அதை டாலராகவே திருப்ப வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொன்னது. இது கையிருப்பைச் செலவிடுவதுதான். ஆனால் திரும்பி வரும் என்ற ஒப்பந்தத்தோடு, முக்கியமாக, யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் போகும்படி செலவிடுவது. சந்தையில் பொதுவாக விற்றிருந்தால் அந்த டாலரைச் சூதாடுகிறவரும் வாங்கியிருப்பார். மறுநாள் டாலர் 66.50க்குப் பக்கத்தில் வந்தது.

செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் ஆளுநரானார். பதவியேற்ற அன்று மாலையே அவர் அறிவித்த திட்டத்துக்கான வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது என்றாலும், அதன் பெருமை பெரும்பாலும் அவருக்கே போனது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் டாலராகவே போட்டு டாலராகவே எடுக்கும் எஃப்.சி.என்.ஆர். வைப்புகளை வங்கிகள் குறைந்தது மூன்று ஆண்டுக்குத் திரட்ட வேண்டும். அந்த டாலரை ரிசர்வ் வங்கி ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளும். மூன்று ஆண்டு கழித்து ஆண்டுக்கு 3.5 சதவீதம் மட்டும் கூட்டிய விலையில் திருப்பித் தரும். டாலர் 62 என்று வைத்தால் மூன்றாண்டு கழித்துத் திருப்பும் விலை ஏறத்தாழ 69 ரூபாய். அதே ஒப்பந்தத்தை அன்றைய சந்தையில் செய்தால் 75 வரை ஆகும். இடைவெளியை ரிசர்வ் வங்கி தன் தலையில் போட்டுக்கொண்டது.

நவம்பர் இறுதியில் வாசலை மூடியபோது வைப்புகளாக 2,600 கோடி டாலரும், வங்கிகள் இதேபோல் வெளியில் கடன் வாங்கியதில் 800 கோடியும் சேர்ந்திருந்தன. புலம்பெயர்ந்த மகனும் மகளும் சேமித்து அனுப்பிய பணம் என்று இதை அப்போது சிலர் உருகி எழுதினார்கள். நடந்தது அவ்வளவு உருக்கமானதல்ல. வெளிநாட்டு வங்கிகள் வைப்பாளர்களுக்கு அவர்கள் சொந்தப் பணத்தைப்போல் பல மடங்கு கடன் கொடுத்து இந்த வைப்பில் போட வைத்தன. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றுவிகிதப் பயமில்லாமல் டாலரிலேயே கிடைத்த லாபம் அவர்களை இழுத்தது. எப்படி வந்தாலும் டாலர் டாலர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பிறகு திருப்பித் தர வேண்டிய டாலரும் கையிருப்புக் கணக்கில் முழு டாலராகத்தான் காட்சி தரும். 1997இல் தாய்லாந்து இதில்தான் தன்னையும் உலகத்தையும் ஏமாற்றிக்கொண்டது. அதன் மத்திய வங்கி பாட் நாணயத்தைக் காக்கப் பின்னால் தருவதாக 2,300 கோடி டாலருக்கு மேல் முன்பேர ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. வெளியில் காட்டிய கையிருப்பு மலைபோல் இருக்க, உண்மையில் பயன்படுத்தக்கூடியது 300 கோடிக்கும் கீழே போயிருந்தது. ஜூலை 2 அன்று பாட்டை விட்டதும்தான் ஆழம் தெரிந்தது. இந்தியாவின் ஸ்வாப் அதிலிருந்து மாறுபட்டது இரண்டு விதத்தில்: கடன் எவ்வளவு, எப்போது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, தவணை வாரங்களில் அல்ல, மூன்றாண்டு தள்ளி.

ராஜன் வட்டியிலும் ஒரு மாற்றம் செய்தார். செப்டம்பர் 20 அன்று எம்.எஸ்.எஃப். வட்டியை 9.5 ஆகக் குறைத்து, ரெப்போவை 7.5 ஆக ஏற்றினார். ஜூலையின் சுற்றுவழி மெல்ல அவிழ, அதன் இடத்தில் நேரான வட்டி உயர்வு வந்தது. காரணமும் மாறியிருந்தது. ரூபாயைக் காக்க என்பதை விட்டு, 10 சதவீதத்தை ஒட்டி நின்ற சில்லறை விலையேற்றத்தை அடக்க என்றார். 2014 ஜனவரியில் ரெப்போ 8 சதவீதம். விலையேற்றத்துக்காக ஏற்றிய வட்டி சீக்கிரம் இறங்காது என்பதை நம்புவது எளிது.

எல்லாவற்றையும் உள்ளூர்த் திறமைக்கே எழுதிவிட முடியாது. செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கி, எல்லோரும் எதிர்பார்த்த குறைப்பை அப்போதைக்குத் தள்ளிப்போட்டது. ஆசிய நாணயங்கள் அனைத்தும் மூச்சுவிட்டன. தங்க இறக்குமதியும் வரியாலும் கட்டுப்பாடுகளாலும் சுருங்க, 2013-14இல் இந்தியாவின் பற்றாக்குறை 4.8 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாக இறங்கியது. டிசம்பரில் அமெரிக்கா உண்மையிலேயே குறைக்கத் தொடங்கியபோது ரூபாய் பெரிதாக அசையவில்லை. சிங்கப்பூர், துபாய் விமானங்களில் தங்கக் கடத்தல் பிடிபடும் செய்திகள் மட்டும் நாளிதழ்களில் பெருகின.

மூன்றாண்டு கழித்து, 2016 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, அந்த 2,600 கோடி டாலர் வைப்புகள் முதிர்ந்தன. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே முன்பேரச் சந்தையில் டாலர் வாங்கி வைத்திருந்தது. கையிருப்பும் 36,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சந்தையில் டாலர் அப்போது 67, 68 ரூபாய். திருப்பித் தர ஒப்புக்கொண்டதோ 69ஐ ஒட்டி. 2013இல் பெரும் மானியம் என்று விமர்சிக்கப்பட்ட ஒப்பந்தம், முதிர்ந்த நாளில் சந்தை விலைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. நவம்பர் 8க்குப் பிறகு நாடு பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளை மாற்றும் வரிசையில் நின்றதால், அந்த டாலர் திரும்பிப்போனதைக் கவனித்தவர்கள் வங்கிக் கருவூலப் பிரிவுகளில் இருந்தவர்கள் மட்டும்தான்.